640 கிலோ வித்தியாசம்: கூட்டம் கெட்டுப்போன பிறகு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும் முறை

மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அரிசிக் கடைக்கு நாங்கள் பில்லிங் மென்பொருள் அமைத்துக் கொடுத்திருந்தோம். வேலை முடிந்து மூன்றாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை, இருப்பு அறிக்கையைக் காட்டுவதற்காகக் கடையின் மாடியறையில் கூட்டம் வைத்தோம். உரிமையாளர், கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மகன், ஆடிட்டர், குடோன் பொறுப்பாளர் ஆகிய நால்வரும் எதிரில் இருந்தார்கள். பொன்னி அரிசியில் மென்பொருள் 10,000 கிலோ இருப்பு காட்டியது; முந்தைய நாள் குடோனில் எண்ணியபோது 9,360 கிலோதான் இருந்தது. "மீதி 640 கிலோ எங்கே?" என்று உரிமையாளர் கேட்டார். அப்போது நான் சொன்ன பதில், "பதிவு போடுகிற இடத்தில் தவறு நடந்திருக்கும் அண்ணாச்சி" என்பது. எல்லோருடைய கண்ணும் குடோன் பொறுப்பாளர் மேல் போனது. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். கூட்டம் அதோடு முடிந்தது.

பிறகு எழுதிய மின்னஞ்சல்களைக் கொண்டுதான் அந்தக் கடையின் நம்பிக்கையைத் திரும்பப் பெற்றோம். ஒவ்வொன்றையும் எப்போது, யாருக்கு, எந்த வரிசையில், எந்தச் சொல்லில் எழுதினோம் என்பதையும், எந்த இடத்தில் மின்னஞ்சல் போதாமல் நேரில் போக வேண்டியிருந்தது என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எழுத உட்காரும் முன்: உடைந்தது எது என்று பிரித்துப் பார்த்தல்

கூட்டத்திலிருந்து வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள், வாடிக்கையாளர் சொன்னவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நம்முடைய விளக்கம் அதில் ஒரு வரிகூட வரக்கூடாது. மாலைக்குள் நினைவு நம் பக்கம் சாய்ந்துவிடும். அவர் கேட்ட கேள்வி "ஏதோ கோபத்தில் கேட்டது" ஆகிவிடும், நாம் சொன்னது "நியாயமாகச் சொன்னது" ஆகிவிடும். என் தாளில் மூன்று வரிகள் இருந்தன: "640 கிலோ எங்கே?", "இந்தக் கணக்கை வைத்து நான் எப்படி வங்கிக்கு இருப்புப் பட்டியல் கொடுப்பது?", "என் ஆளை என் முன்னாலேயே திருடன் என்கிறீர்களா?"

இந்த மூன்றும் ஒரே கோபத்தின் மூன்று வடிவங்கள் போலத் தெரியும். ஆனால் முதல் கேள்வி நம் திறமையைப் பற்றியது. இரண்டாவது, நம் வேலையால் அவருக்கு வெளியே என்ன பாதிப்பு வரும் என்பதைப் பற்றியது. மூன்றாவது, மரியாதையைப் பற்றியது. திறமை மீதான சந்தேகத்தை ஆதாரத்தோடு கூடிய விளக்கத்தால் தீர்க்கலாம். பாதிப்பு பற்றிய பயத்தை, எது பாதிக்கப்பட்டது, எது பாதிக்கப்படவில்லை என்ற எல்லையைக் காட்டித் தீர்க்கலாம். மரியாதைக்கு ஏற்பட்ட காயத்துக்கு விளக்கம் எதுவும் மருந்தாகாது. அங்கே மன்னிப்பு மட்டுமே வேலை செய்யும், அதுவும் முதலில் வர வேண்டும். நான் பார்த்த வரையில், கெட்டுப்போன கூட்டத்துக்குப் பிறகு எழுதப்படும் பெரும்பாலான மின்னஞ்சல்கள் மூன்றாவது காயத்துக்கு முதலாவதின் மருந்தைப் போடுகின்றன. அதனால்தான் எவ்வளவு நீளமாக விளக்கினாலும் பதில் வருவதில்லை.

முதல் மடல்: அதே நாள், விளக்கம் இல்லாமல்

முதல் மடல் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். காரணம் இன்னும் தெரியாது என்பது அதைத் தள்ளிப்போடுவதற்கான சாக்கு அல்ல. அன்று இரவு அந்தக் குடும்பத்தில் நம்மைப் பற்றி ஒரு பேச்சு நடக்கும். அந்தப் பேச்சு நடக்கும்போது நம்மிடமிருந்து ஏதாவது ஒன்று அவர்கள் கையில் இருக்க வேண்டும். நேரத்தையும் பார்த்து அனுப்ப வேண்டும். கீழமாசி வீதியில் காலை நேரம் லோடு இறக்குவதிலும் ஏற்றுவதிலும் போய்விடும்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மகன் கணினி முன் உட்காருவார். ஆகவே நான் மாலை 4 மணிக்கு அனுப்பினேன். நள்ளிரவில் எழுதும் மடலைக் காலையில் படித்துப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. அனுப்பிய பிறகு திரும்பப் பெறும் அவகாசத்தை அமைப்புகளில் 30 விநாடி வரை நீட்டியும் வைத்துக்கொள்ளலாம்.

நான் அனுப்பிய முதல் மடல் இது:

> பொருள்: இன்றைய கூட்டம் – பொன்னி இருப்பில் 640 கிலோ – வெள்ளி மாலை 6 மணிக்குள் விவரம்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொன்னி இருப்பில் 640 கிலோ எங்கே என்று இன்று காலை கேட்டீர்கள். அதற்கான பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாத நிலையில், பதிவில் தவறு நடந்திருக்கும் என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்களிடமும், அந்தச் சொல்லால் புண்பட்ட உங்கள் குடோன் பொறுப்பாளரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> காரணம் தெரியும் வரை, எங்கள் இருப்பு அறிக்கையில் உள்ள கிலோ கணக்கை வைத்து யாரையும் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பில் வழக்கம்போல் போடலாம். பில் தொகை மூட்டை விலையில் வருவதால் இந்த வித்தியாசம் அதைத் தொடவில்லை என்பதை இன்று மதியம் பத்து பில்களை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.
>
> வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் உங்களுக்கு எழுதுகிறேன். காரணம் கிடைத்திருந்தால் காரணத்தை எழுதுவேன். கிடைக்காவிட்டால் அதுவரை எதைப் பார்த்தோம், எது மீதி என்று எழுதுவேன்.

இதில் சில சொற்களைக் கவனிக்க வேண்டும். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்ற வாக்கியம் இதில் இல்லை. ரயில் தாமதமானாலும் மின்சாரம் நின்றாலும் அந்த ஒரே வாக்கியம் அறிவிப்பாக வருகிறது. அதைப் படிப்பவர் தனக்காக யாரோ எழுதியதாக நினைக்க மாட்டார். "தவறு நேர்ந்துவிட்டது" என்பதும் இல்லை. தமிழில் வினையைச் செய்தவன் இல்லாமலேயே வாக்கியத்தை முடித்துவிடலாம். நடந்துவிட்டது, ஏற்பட்டுவிட்டது, நேர்ந்துவிட்டது என்று எழுதினால் தவறு தானாக வானத்திலிருந்து விழுந்தது போலாகிவிடும். "சொன்னேன்", "சொல்லியிருக்கக் கூடாது" என்று தன்மை ஒருமையில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். தயங்கும் இடம்தான் சரியான இடம். "தவறாகப் பேசியிருந்தால் மன்னிக்கவும்" என்று எழுதினால், தவறா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம். அந்த "இருந்தால்" ஒன்றே மடல் முழுவதையும் கெடுத்துவிடும்.

கடைசிப் பத்தி இன்னும் முக்கியம். நான் வாக்குக் கொடுத்தது காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல, எழுதுவதற்கு. காரணம் கிடைப்பது என் கையில் இல்லை. வெள்ளிக்கிழமை 6 மணிக்கு எழுதுவது என் கையில் இருக்கிறது. நம்பிக்கை உடைந்த பிறகு கொடுக்கும் முதல் வாக்கு சிறியதாகவும், நிச்சயம் நிறைவேற்றக் கூடியதாகவும் இருக்க வேண்டும். "இரண்டு நாளில் சரி செய்துவிடுகிறோம்" என்று எழுதிவிட்டு மூன்றாம் நாள் போனால், இரண்டாவது தடவை எழுதுவதற்கு நமக்கு வாசல் இருக்காது.

யாருக்கு அனுப்புவது, எந்த மொழியில் எழுதுவது

மடல் உரிமையாளரின் பெயரில், மகனின் முகவரிக்குப் போனது, ஆடிட்டருக்கு நகல். எனக்குத் தெரிந்த நடைமுறை இதுதான்: நாம் சறுக்கியதை யாரெல்லாம் பார்த்தார்களோ, அவர்களெல்லாம் திருத்தத்தையும் பார்க்க வேண்டும், அவர்களைத் தாண்டி ஒருவர்கூடப் பார்க்கக் கூடாது. ஆடிட்டரை விட்டுவிட்டால், அவர் அடுத்த வாரம் வேறொரு கடையில் பாதிக் கதையைச் சொல்வார். நம் நிறுவனத்தில் கூட்டத்துக்கு வராத ஒரு பெரிய பதவிக்காரரைப் புதிதாக நகலில் சேர்த்தால், பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தது போல இருக்கும். மறைநகல் வேண்டவே வேண்டாம். அது ஒரு தடவை வெளியே தெரிந்தால் போதும்.

கூட்டத்துக்கு முன் அறிக்கை அனுப்பிய அதே மடல் தொடரில்தான் பதிலாக எழுதினேன். புதிய தொடரைத் தொடங்கினால் தவறான அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு நல்லதை மட்டும் காட்ட முயல்வது போல ஆகும். தவறும் திருத்தமும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கட்டும்.

எங்கள் அலுவலகத்தில் மடல்கள் ஆங்கிலத்தில்தான் போகும். இந்த மடல்களை நான் தமிழில் எழுதினேன். பேச்சு எந்த மொழியில் கெட்டதோ அந்த மொழியில்தான் அது சீராக வேண்டும். காலையில் "அண்ணாச்சி" என்று பேசியவன் மாலையில் ஆங்கிலத்தில் எழுதினால், அது வக்கீல் நோட்டீஸுக்கு முன்னோட்டம் போலத் தெரியும். அதோடு உரிமையாளர் திரையில் படிப்பவர் அல்லர். மகன் அச்செடுத்துக் கொடுத்த தாளை மூக்குக்கண்ணாடி போட்டுப் படிப்பார். ஆகவே ஒவ்வொரு மடலையும் அனுப்பும் முன் நானே அச்செடுத்துப் பார்த்தேன். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்றால் சுருக்கினேன். முக்கியமான எண்களை இணைப்பில் மட்டும் வைக்காமல் மடலின் உடலிலேயே எழுதினேன்.

இடையில் உள்ள இரண்டு நாள்: காரணத்தைக் கண்டுபிடித்தல்

மடல் எவ்வளவு பக்குவமாக இருந்தாலும் உள்ளே சரக்கு இல்லாவிட்டால் பயனில்லை. எங்களுக்குக் காரணம் வியாழக்கிழமை மாலை கிடைத்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட எடையுள்ள ஒற்றைப் பொட்டலத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கியது அரிசி வியாபாரத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கடையிலிருந்து எங்களுக்கு வந்த சரக்குப் பட்டியலோ பழையது. அதில் மூட்டை எடை 25 என்றே இருந்தது. நாங்கள் அதை அப்படியே மென்பொருளில் ஏற்றியிருந்தோம்.

கொள்முதல் ஆலை பில்லைப் பார்த்துக் கிலோவில் பதிவாகும்: 1,000 மூட்டைக்கு 26,000 கிலோ. விற்பனை மூட்டையில் பதிவாகும். ஒவ்வொரு மூட்டைக்கும் மென்பொருள் 25 கிலோ கழிக்கும். 640 மூட்டை விற்றதும் 16,640 கிலோ வெளியே போயிருக்கிறது. மென்பொருள் கழித்ததோ 16,000. ஆகவே கணக்கில் 10,000 கிலோ. குடோனில் 360 மூட்டை, அதாவது 9,360 கிலோ. விற்ற மூட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ காணாமல் போனது போலத் தெரிந்தது. ஆனால் ஒரு மணி அரிசியும் காணாமல் போகவில்லை. குடோன் பொறுப்பாளர் எண்ணியது கடைசி மூட்டை வரை சரி.

காரணம் கிடைத்த உடனே எழுதத் தொடங்கும் ஆசையை அடக்க வேண்டும். இதே தவறு வேறு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். வாடிக்கையாளர் சுட்டிக்காட்டிய ஒன்றை மட்டும் திருத்தி அனுப்பி, அடுத்த வாரம் அவரே இரண்டாவதைக் கண்டுபிடித்தால் கதை முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆள் ஒருவர் சிந்தாமணிப் பக்கமுள்ள குடோனுக்குத் தராசோடு போய், ஒவ்வொரு ரகத்திலும் ஒரு மூட்டையை எடை போட்டார். பொன்னியைத் தவிர இன்னும் மூன்று ரகங்களில் அதே தவறு இருந்தது: 210, 145, 90 கிலோ. மொத்தம் 1,085 கிலோ.

இரண்டாம் மடல்: காரணம், எல்லை, அவரே சரிபார்க்கும் வழி

எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. இது ஏறக்குறைய எல்லாக் கெட்ட கூட்டத்துக்குப் பின்னும் வரும். பட்டியல் அவர்களுடையது. அதில் 25 என்று எழுதியிருந்தவர்கள் அவர்கள். என் முதல் வரைவில், "தங்கள் தரப்பிலிருந்து பெறப்பட்ட பட்டியலில் எடை புதுப்பிக்கப்படாததால்" என்று ஒரு தொடர் இருந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் படிப்பவர் அந்தத் தொடரைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். அதை மறைத்துவிட்டாலும் சரியல்ல. மகனுக்குப் பட்டியல் கொடுத்தது நினைவிருக்கும், காரணம் மூடி மறைக்கப்பட்டது போல ஆகும். எனவே அவர்கள் பங்கைத் தகவலாக மட்டும் வைத்து, பொறுப்பு எங்கே நிற்கிறது என்பதை அடுத்த வாக்கியத்திலேயே எழுதினேன்.

> பொருள்: பொன்னி 640 கிலோ – காரணம் தெரிந்தது – குடோன் எண்ணிக்கை சரி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> உங்கள் குடோனில் எண்ணிய 9,360 கிலோ சரியானது. எங்கள் மென்பொருள் காட்டிய 10,000 கிலோ தவறானது. அரிசி எதுவும் குறையவில்லை.
>
> காரணம்: மூட்டை எடை 26 கிலோ. மென்பொருளில் 25 என்று இருந்தது. விற்ற 640 மூட்டைக்கும் மூட்டைக்கு ஒரு கிலோ குறைவாகக் கழித்திருக்கிறது. நாங்கள் வேலை தொடங்கும்போது வாங்கிய பட்டியலில் பழைய எடை இருந்தது. அதை ஏற்றும் முன் ரகத்துக்கு ஒரு மூட்டையாவது எடை போட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. அதை நாங்கள் செய்யவில்லை.
>
> இதே தவறு மேலும் மூன்று ரகங்களில் இருக்கிறது: இட்லி அரிசி 210 கிலோ, பச்சரிசி 145 கிலோ, புழுங்கல் 90 கிலோ. பொன்னியோடு சேர்த்து மொத்தம் 1,085 கிலோ. நான்கையும் இன்று மதியம் திருத்திவிட்டோம்.
>
> இட்லி அரிசியில் திருத்திய பிறகும் 8 கிலோ வித்தியாசம் இருக்கிறது. அதற்குக் காரணம் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
>
> பில் தொகையும் வரியும் இதனால் மாறவில்லை. இந்த மூன்று மாதத்தில் வங்கிக்கு இருப்புப் பட்டியல் கொடுத்திருந்தால், இந்த நான்கு ரகங்களின் இருப்பு மட்டும் அதில் கூடுதலாக இருக்கும். தேதிவாரியான திருத்திய இருப்பை இணைத்திருக்கிறேன். அதை ஆடிட்டர் ஐயா ஒரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.
>
> நீங்களே சரிபார்க்க: பொன்னியில் ஒரு மூட்டைக்கு பில் போட்டு, இருப்புத் திரையைப் பாருங்கள். 26 கிலோ குறைய வேண்டும். 25 குறைந்தால் எந்த நேரமாக இருந்தாலும் என்னை அழையுங்கள்.
>
> நாளை காலை 11 மணிக்குக் குடோனுக்கு வருகிறேன். உங்கள் பொறுப்பாளரிடம் நேரில் பேச வேண்டும்.

முதல் பத்தியில் விளக்கமே இல்லை. அவர் மனத்தில் இருந்த கேள்விக்கான விடை மட்டும் இருக்கிறது. பொருள் வரியிலேயே "குடோன் எண்ணிக்கை சரி" என்று எழுதியதற்குக் காரணம், கூட்டத்தில் அத்தனை பேர் முன்னிலையில் கீழே விழுந்தது அந்த மனிதரின் பெயர். மடலைத் திறக்காதவர் கண்ணிலும் அது பட வேண்டும்.

அந்த 8 கிலோவை எழுதுவதா வேண்டாமா என்று அலுவலகத்தில் வாதம் நடந்தது. எழுதினால் மறுபடி சந்தேகம் வரும் என்றார்கள். நான் எழுதியே தீர வேண்டும் என்று நின்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும் அறிக்கையை, ஏமாந்த ஒரு வியாபாரி நம்ப மாட்டார். தெரியாததைத் தெரியாது என்று எண்ணோடு எழுதும்போதுதான், தெரியும் என்று எழுதிய 1,085 கிலோவுக்கு எடை கிடைக்கிறது. பின்னால் அது பிரித்த மூட்டையிலிருந்து சில்லறையாக எடை போட்டுக் கொடுத்து, பில் போட மறந்த அரிசி என்று தெரிந்தது. அதை மகனே கண்டுபிடித்து எழுதினார்.

சரிபார்க்கும் வழியை எழுதுவதில் ஒரு நிபந்தனை உண்டு. அது அவர் கையாலேயே, ஐந்து நிமிடத்துக்குள், நம் துணை இல்லாமல் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். "எங்கள் குழு முழுமையாகப் பரிசோதித்துவிட்டது" என்பது மறுபடியும் நம்மை நம்பச் சொல்வது. நம்பிக்கை இல்லாதவரிடம் நம்பிக்கையைக் கடன் கேட்பது. ஒரு மூட்டைக்கு பில் போட்டுப் பார் என்பது அவருடைய கண்ணை நம்பச் சொல்வது.

மடலில் தள்ளுபடியோ, கட்டணக் கழிவோ நான் எழுதவில்லை. பணத்தை அந்த இடத்தில் வைத்தால், பேச்சு தவறிலிருந்து பேரத்துக்கு மாறிவிடும். அதைவிட மோசமாக, புண்பட்ட மனிதருக்கு விலை பேசியது போல இருக்கும். திருத்த வேலைக்கு பில் போடவில்லை, அவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே பண நஷ்டம் வந்திருந்தால் அது வேறு விஷயம். அப்போது ஈடு என்ன என்பதைத் தனி மடலில், ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் வழக்கறிஞரைக் கேட்ட பிறகு எழுத வேண்டும்.

மின்னஞ்சல் செல்லாத இடம்

சனிக்கிழமை காலை குடோனுக்குப் போனேன். இதை மடலால் செய்ய முடியாது. பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் முகவரியே இல்லை. இருந்தாலும், நாலு பேர் நடுவில் விழுந்த சொல்லை நாலு பேர் நடுவில்தான் எடுக்க வேண்டும். லோடுமேன்கள் இருக்கும்போதே, "அண்ணே, நீங்க எண்ணுனது சரி. நான்தான் தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றேன். அவர் அடுக்கிலிருந்து கையை எடுக்காமலேயே, "தராசு கொண்டாந்து நிறுத்துப் பாத்தீங்களாமே" என்றார். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. அன்று மாலை உரிமையாளருக்கு ஒரே வரியில் எழுதினேன்: "இன்று குடோனில் அவரைப் பார்த்துப் பேசிவிட்டேன்." நான் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை, அது அவர்கள் இருவருக்குள் பேசிக்கொள்ள வேண்டியது.

பதில் வராத நாட்கள்

இரண்டாம் மடலுக்கு நான்கு நாள் பதில் வரவில்லை. அந்த நாட்களில் "மடல் கிடைத்ததா?" என்று கேட்கக் கை துடிக்கும். கேட்கக் கூடாது. கேட்டால், நம் மனம் அமைதியடைய வேண்டும் என்பதற்காக அவரிடம் வேலை வாங்குகிறோம். அமைதியாக இருப்பது கோபமா, வேலைப்பளுவா என்று மடலை வைத்துத் தெரியாது. வேறு இடத்தில் பார்க்க வேண்டும். கடையிலிருந்து வழக்கமான சிறு சந்தேகங்கள், பில் பிரிண்டர் மாட்டிக்கொண்டது போன்றவை, வந்துகொண்டிருந்தால் உறவு உயிரோடு இருக்கிறது. அவையும் நின்றுவிட்டால், அல்லது தரவு முழுவதையும் எக்ஸெலில் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டால், வேறு ஆளைப் பார்க்கிறார்கள் என்று பொருள். அப்போது மடல் போதாது. நேரில் போய், வேறு ஆளிடம் போவதாக இருந்தாலும் தரவை ஒழுங்காக எடுத்துக் கொடுப்போம் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டுத் தராமல் இழுப்பது, முதல் தவறைவிடப் பெரிய தவறு.

ஐந்தாம் நாள் மகனிடமிருந்து "பார்த்தோம். அப்பா பார்க்கலாம் என்றார்" என்று பதில் வந்தது. "பார்க்கலாம்" என்பது இந்த ஊரில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. இனி நீ நடந்துகொள்வதைப் பார்க்கிறேன் என்று பொருள். அதற்கு நீளமாக நன்றி எழுதினால், வராத சம்மதத்தை வந்ததாக எடுத்துக்கொண்டது போலாகும். "சரிங்க ஐயா. சனிக்கிழமை இருப்பு விவரம் அனுப்புகிறேன்" என்று மட்டும் எழுதினேன்.

நான்கு சனிக்கிழமைகள்

பிறகு நான்கு வாரம், ஒவ்வொரு சனிக்கிழமை மாலை 6 மணிக்கும் ஒரு மடல் போனது. அதில் ஐந்து வரிகளுக்கு மேல் இல்லை. நான்கு ரகங்கள், மென்பொருள் காட்டும் மூட்டை, குடோனில் எண்ணிய மூட்டை, வித்தியாசம். மூன்றாவது வாரம் பச்சரிசியில் 2 மூட்டை வித்தியாசம் வந்தது. அதை முதல் வரியில் எழுதி, வண்டியில் திரும்பி வந்த மூட்டைகள் இன்னும் பதிவாகவில்லை என்ற காரணத்தையும் எழுதினேன். இந்த மடல்களில் மன்னிப்பு என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு முறை முறையாகக் கேட்ட மன்னிப்பை வாரம்தோறும் கேட்டால், ஆறிவரும் புண்ணைக் கிளறுவதாகும். பதிலுக்கு "பரவாயில்லை" என்று சொல்லும் பாரத்தையும் அவர் மேல் ஏற்றுகிறோம். வர வேண்டிய பாக்கித் தொகையைப் பற்றியும், அடுத்த வேலையைப் பற்றியும் அந்த நான்கு வாரம் நான் எதுவும் எழுதவில்லை. எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்கு அந்த நிலுவை சிரமமாகத்தான் இருந்தது.

நான்காவது மடலின் முடிவில், "இனி வாரம்தோறும் அனுப்ப வேண்டுமா, மாதம் ஒரு முறை போதுமா என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தேன். நிறுத்தும் முடிவை நாமே எடுத்தால் காரியம் முடிந்ததும் விட்டுவிட்டான் என்றாகும். கேட்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் அது யாரும் திறக்காத மடலாகிவிடும்.

திங்கட்கிழமை பதில் வந்தது. இந்த முறை எழுதியவர் ஆடிட்டர். மாதக் கடைசியில் ஒரு முறை அனுப்பினால் போதும் என்றும், அதன் நகலைத் தனக்கும் அனுப்பும்படியும் கேட்டிருந்தார். அதற்குக் கீழே மகன் ஒரு வரி சேர்த்திருந்தார். புதிய சரக்கு ஒன்று வருகிறது, 30 கிலோ மூட்டை, எடை போட ஆள் அனுப்ப முடியுமா என்று.